அங்கிள் ஒன்று, உறவு மூன்று: வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உறவுமுறைக் கேரசல் செய்வது எப்படி

டொராண்டோவிலோ லண்டனிலோ வளரும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் அண்ணனும் அங்கிள், அப்பாவின் தம்பியும் அங்கிள், அம்மாவின் தம்பியும் அங்கிள். தமிழில் இவர்கள் பெரியப்பா, சித்தப்பா, மாமா. இந்த மூன்றையும், கூடவே பெரியம்மா, சித்தி, அத்தை என்ற மூன்றையும் குழப்பமில்லாமல் சொல்லிக்கொடுக்கும் பத்து ஸ்லைடு இன்ஸ்டாகிராம் கேரசலை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. பிள்ளை தனியாக உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. அம்மாவோ அப்பாவோ கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். அதனால் ஒவ்வொரு ஸ்லைடும் பெரியவர் வாய்விட்டுக் கேட்கக்கூடிய ஒரு கேள்வியாக இருந்தால் வேலை எளிது.

முதலில் கணக்கு, பிறகு படம்

பெரும்பாலான உறவுமுறைப் படங்கள் கெட்டுப்போவது வரைவதில் அல்ல, அதற்கு முந்தைய கட்டத்தில். முப்பது சொற்களைப் பட்டியல் போட்டு முப்பது முகங்களுக்கு ஒட்டிவிடுகிறார்கள். பிள்ளை அதை மனப்பாடம் செய்யும். ஊருக்குப் போய்ப் புதிதாக ஒருவரைப் பார்த்ததும் விழிக்கும். தமிழ் உறவுமுறைக்கு உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. அதைத்தான் கேரசல் சொல்லித்தர வேண்டும்.

கணக்கு இரண்டு கேள்விகளில் அடங்கும். முதல் கேள்வி: இவர் யாரோடு கூடப் பிறந்தவர், அந்த ஆளும் இவரும் ஒரே பாலா? அப்பாவோடு பிறந்த ஆண், அம்மாவோடு பிறந்த பெண் என்றால் அவரும் ஒரு வகை அப்பா, ஒரு வகை அம்மா. பெயரிலேயே அது இருக்கிறது: பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா அல்லது சித்தி. மாறாக, அப்பாவோடு பிறந்த பெண் அத்தை. அம்மாவோடு பிறந்த ஆண் மாமா. இரண்டாவது கேள்வி: அப்பாவை விட, அம்மாவை விட மூத்தவரா இளையவரா? இந்தக் கேள்வி அப்பா வகைக்கும் அம்மா வகைக்கும் மட்டும்தான். அத்தை மூத்தவராக இருந்தாலும் அத்தைதான், இளையவராக இருந்தாலும் அத்தைதான். மாமாவும் அப்படியே. இரண்டு மூன்று பேர் இருந்தால் பெரிய அத்தை, சின்ன மாமா என்று முன்னால் ஒரு சொல் சேரும், அவ்வளவே.

இந்த இரண்டாவது கேள்வியில்தான் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மூத்தவரா இளையவரா என்று அளப்பது யாரை வைத்து என்பது அவர்களுக்குத் தெளிவாக இருப்பதில்லை. அளவுகோல் அப்பா, அம்மாதான், பிள்ளை இல்லை. ஸ்லைடில் ‘பெரியவர்’, ‘சின்னவர்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘அப்பாவுக்கு அண்ணன்’, ‘அப்பாவுக்குத் தம்பி’ என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

குடும்ப மரத்தை இரண்டாகப் பிரிப்பது ஏன்

மாதிரிக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பாவோடு பிறந்தவர்கள் மூவர்: ஒரு அண்ணன், ஒரு அக்கா, ஒரு தம்பி. அம்மாவோடு பிறந்தவர்களும் மூவர்: ஒரு அக்கா, ஒரு தம்பி, ஒரு தங்கை. பிறந்த வரிசைப்படி அப்பா பக்கம் பெரியப்பா, அத்தை, அப்பா, சித்தப்பா. அம்மா பக்கம் பெரியம்மா, அம்மா, மாமா, சித்தி. ஆறு சொற்களும் ஒரு முறை வந்துவிடுவதால் இது நல்ல மாதிரி.

இந்த எட்டுப் பேரையும் ஒரே ஸ்லைடில் ஒரே வரிசையில் வைக்கப் பார்த்தால் என்ன ஆகும்? கேரசலுக்கு வசதியான அளவு 1080 × 1350 பிக்சல். இருபுறமும் 60 பிக்சல் ஓரம் விட்டால் 960 மிஞ்சும். எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 120. ‘பெரியப்பா’ என்ற சொல், எழுத்தளவைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு அகலம் பிடிக்கும். 120 பிக்சலுக்குள் அடைக்க எழுத்தை 24 பிக்சலுக்குக் குறைக்க வேண்டும். கைப்பேசித் திரையில் அது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். தமிழ் எழுத்தை இப்போதுதான் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது எறும்பு வரிசை.

ஆகவே மரத்தைப் பாதியாகப் பிரியுங்கள். ஒரு ஸ்லைடுக்கு நான்கு பேர், ஆளுக்கு 240 பிக்சல், எழுத்து 44 பிக்சல். இதுதான் குறைந்தபட்சம். தனிச் சொல் மட்டும் வரும் ஸ்லைடுகளில் 90, 100 என்று தாராளமாகப் போகலாம்.

பிரித்தாலும் ஒட்டிய மாதிரி தெரிய ஒரு வழி உண்டு. 2160 × 1350 அளவில் ஒரே படமாக வரைந்து, நடுவில் வெட்டி இரண்டு ஸ்லைடாக்குங்கள். விரலால் தள்ளும்போது கோடு அறுபடாமல் அப்பா பக்கத்திலிருந்து அம்மா பக்கத்துக்கு ஓடும். வெட்டும் இடத்தில் முகமோ எழுத்தோ வரக்கூடாது. கோடு மட்டும் வரலாம்.

கோடு போடும் முறை

இங்கே ஒரு சிக்கல் வரும். வயது வரிசையில் இடமிருந்து வலமாக வைத்தால் அப்பாவுக்கு வலப்பக்கம் சித்தப்பா நிற்பார், அம்மாவுக்கு இடப்பக்கம் பெரியம்மா நிற்பார். அப்பாவையும் அம்மாவையும் இணைக்கும் கல்யாணக் கோடு இவர்கள் இருவரையும் தாண்டிப் போயாக வேண்டும். கோடு முகத்தின் குறுக்கே போனால் சித்தப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் கல்யாணம் ஆன மாதிரி ஆகிவிடும்.

தீர்வு எளிது. கூடப் பிறந்தவர்களை இணைக்கும் கோடு தலைக்கு மேலே போகட்டும். கல்யாணக் கோடு காலுக்குக் கீழே போகட்டும். கூடப் பிறந்தவர்களுக்கு ஒற்றைக் கோடு, கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. கோட்டின் தடிமன் 6 பிக்சல் இருந்தால் போதும். உயரத்தைப் பொறுத்தவரை தாத்தா பாட்டி மேலிருந்து 250 பிக்சல் அருகே, அப்பா அம்மா வரிசை 650 அருகே, ‘நான்’ 1080 அருகே என்று வைத்தால் மூன்று தலைமுறைக்கும் இடம் கிடைக்கும்.

‘நான்’ என்ற பிள்ளை கல்யாணக் கோட்டின் நடுவிலிருந்து தொங்க வேண்டும். அது சரியாக வெட்டும் இடத்தில் விழும்! அந்தப் பிள்ளையை மட்டும் இரண்டு ஸ்லைடிலும் ஒரு முறை வரைந்துவிடுங்கள்: அப்பா பக்க ஸ்லைடில் வலது ஓரத்தில், அம்மா பக்க ஸ்லைடில் இடது ஓரத்தில். எந்த ஸ்லைடில் நின்றாலும் ‘எனக்கு இவர் யார்’ என்ற கேள்விக்குத் தொடக்கப்புள்ளி கண்ணில் பட வேண்டும்.

நிறம் இந்தப் படத்தில் அலங்காரம் இல்லை, பாடமே அதுதான். வழக்கம்போல ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஜா என்று போட்டுவிட்டால் முக்கியமான வேறுபாட்டைக் காட்ட நிறம் மிச்சமிருக்காது. அப்பா வகை, அம்மா வகை எல்லோருக்கும் ஒரு நிறம் (நீலம்). மாமா, அத்தைக்கு இன்னொரு நிறம் (ஆரஞ்சு). சிவப்பும் பச்சையும் வேண்டாம், நிறக்குருடு உள்ள பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். நீலப் பெட்டிக்கு வளைந்த மூலை, ஆரஞ்சுப் பெட்டிக்குக் கூர்மூலை என்று வடிவத்திலும் வேறுபாடு வைத்தால் இன்னும் நல்லது.

முகம் வரைவதில் ஒரு எச்சரிக்கை. பெரியப்பாவுக்கு நரைத்த மீசை, சித்தப்பாவுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று போட ஆசை வரும். போட்டால் பிள்ளை மீசையைப் பார்த்துச் சொல்லப் பழகிவிடும். வழுக்கை விழுந்த சித்தப்பாவை நேரில் பார்க்கும்போது பெரியப்பா என்று கூப்பிடும். எல்லோரையும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரராக வரைந்து, சட்டையில் பிறந்த வரிசை எண்ணைப் போடுங்கள். பெரியப்பாவுக்கு 1, அத்தைக்கு 2, அப்பாவுக்கு 3, சித்தப்பாவுக்கு 4. அப்பாவின் எண்ணோடு ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும்.

பத்து ஸ்லைடும் எந்த வரிசையில்

முதல் ஸ்லைடு கேள்வி மட்டும். மூன்று ஆண் முகங்கள், மூவருக்கும் கீழே ‘அங்கிள்’, மேலே ‘தமிழில் இவர்கள் யார் யார்?’. சுயவிவரப் பக்கத்தின் கட்டங்கள் இப்போது 3:4 விகிதத்தில் தெரிவதால், இந்த முதல் படத்தில் இருபுறமும் சுமார் 34 பிக்சல் வெட்டுப்படும். ஓரத்தில் எழுத்து வைக்காதீர்கள். முதல் படத்தின் விகிதம்தான் மற்ற எல்லாப் படங்களுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதலாவதைச் சதுரமாகப் போட்டால் குடும்ப மரத்தின் தலையும் காலும் போய்விடும்.

இரண்டாவது ஸ்லைடில் அப்பா, அம்மா, நான், கூடப் பிறந்தவர்கள். இங்கேயே விளிக்கும் சொல்லையும் காட்டிவிடுங்கள்: ‘அவர் என் அண்ணன்’ என்று சொல்கிறோம், கூப்பிடும்போது ‘அண்ணா’. தம்பி தங்கையைப் பெரும்பாலும் பெயர் சொல்லியே கூப்பிடுகிறோம். பாடப்புத்தகத்தில் வரும் தமையனும் தமக்கையும் இந்தக் கேரசலுக்கு வேண்டாம். பாட்டியிடம் வாட்ஸ்அப்பில் பேசும்போது எந்தச் சொல் காதில் விழுமோ அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதில் இரண்டு கேள்விகள். நான்காவதும் ஐந்தாவதும் வெட்டி ஒட்டிய மரம். ஆறாவது ஸ்லைடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலான படங்கள் விட்டுவிடும் பகுதி அது.

கல்யாணம் செய்து குடும்பத்துக்குள் வந்தவர்களை மரத்திலேயே சேர்த்தால் வரிசையில் ஆட்கள் இரட்டிப்பாகி இடம் போதாது. தவிர, பிள்ளை அவர்களைத் தனித்தனியாகக் கற்க வேண்டிய தேவையும் இல்லை. தமிழில் மூன்றே ஜோடிகள்தான்: பெரியப்பா–பெரியம்மா, சித்தப்பா–சித்தி, மாமா–அத்தை. ஒருவர் யார் என்று தெரிந்தால் அவருடைய துணை ஜோடியின் மறுபாதி. அப்பாவின் அண்ணனுடைய மனைவி பெரியம்மா. அம்மாவின் அக்காவுடைய கணவர் பெரியப்பா. அத்தையின் கணவர் மாமா. மாமாவின் மனைவி பல வீடுகளில் அத்தை, சில வீடுகளில் மாமி. யாழ்ப்பாண வழக்கில் அப்பாவின் சகோதரியையே மாமி என்பதால் அங்கே ஜோடி மாமா–மாமி. சொல் மாறினாலும் கணக்கு மாறவில்லை.

இந்த ஸ்லைடில் மூன்று ஜோடிப் பெட்டிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் போதும். கீழே ஒரு வரி: ‘நம் வீட்டில் பிறந்தவரின் வயதைத்தான் பார்க்க வேண்டும், வந்தவரின் வயதை அல்ல.’ அம்மாவின் தங்கை சித்தி. அவருடைய கணவர் அப்பாவை விட ஐந்து வயது மூத்தவராகவே இருக்கலாம், ஆனாலும் அவர் சித்தப்பாதான். இந்த வரி இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முதலில் தவறுவார்கள், வயதைக் கணக்குப் போட்டு அவரைப் பெரியப்பா ஆக்கிவிடுவார்கள்.

ஏழாவது ஸ்லைடு ‘கஸின்’. நீலப் பெட்டிக்காரர்களின் பிள்ளைகள் எல்லோரும் எனக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. இங்கே அளவுகோல் மாறுகிறது என்பதைத் தடித்த எழுத்தில் சொல்லுங்கள்: இப்போது அளப்பது என் வயதை வைத்து. சித்தப்பா அப்பாவுக்கு இளையவர்தான், ஆனால் அவர் மகள் என்னை விட மூத்தவள் என்றால் எனக்கு அக்கா. ஆரஞ்சுப் பெட்டிக்காரர்களின் பிள்ளைகளுக்கு ‘மாமா மகன்’, ‘அத்தை மகள்’ என்று போடுவது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். அத்தான், மச்சான், மச்சாள், மதினி என்று ஊருக்கு ஊர் வழக்கு வேறு. தமிழ்நாட்டு நகரங்களில் பல குடும்பங்கள் இவர்களையும் அண்ணா, அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டன.

ஏன் இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிச் சொல் என்று பத்து வயதுப் பிள்ளை கட்டாயம் கேட்கும். மாமா மகள், அத்தை மகனை மணப்பது நெடுங்கால வழக்கம் என்பதும், அதனால்தான் மாமனாரும் மாமியாரும் பல வீடுகளில் மாமா, அத்தை என்றே அழைக்கப்படுகிறார்கள் என்பதும் பதில். இதைப் படத்தில் எழுத வேண்டாம். கீழே வரும் விளக்கத்தில் பெற்றோருக்காக இரண்டு வரி எழுதுங்கள். எந்த வயதில் சொல்வது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எட்டாவது தாத்தா பாட்டி. இங்கே அச்சடித்த விடை வைக்கக்கூடாது. அப்பாவின் அம்மா மதுரைப் பக்கம் அப்பத்தா, திருநெல்வேலியில் ஆச்சி, யாழ்ப்பாணத்தில் அப்பம்மா அல்லது அப்பாச்சி. அதே ஓசைக்கு நெருங்கிய அப்புச்சி என்றால் கொங்கு நாட்டில் அம்மாவின் அப்பா! ஒரே ஸ்லைடில் பத்து ஊர் வழக்கையும் அடுக்கினால் பெற்றோருக்குப் பொழுதுபோகும், பிள்ளைக்கு ஒன்றும் நிற்காது. நான்கு முகங்கள், அவற்றின் கீழ் ‘அப்பாவின் அப்பா’, ‘அப்பாவின் அம்மா’, ‘அம்மாவின் அப்பா’, ‘அம்மாவின் அம்மா’, அதன் கீழ் நான்கு வெற்றுப் பெட்டிகள். வீட்டுச் சொல்லை வீட்டார் நிரப்பட்டும். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என்று தொடக்கமே வேறாக இருக்கும். அவர்களுக்கு இரண்டாவது ஸ்லைடும் வெற்றுப் பெட்டியோடு ஒரு பதிப்பு தேவை.

ஒன்பதாவது வினா, பத்தாவது விடை. வினாவில் அதே மரத்தைக் காட்டிச் சொற்களை மட்டும் மறைத்தால் பிள்ளை இடத்தை வைத்துச் சொல்லிவிடும்: இடது ஓரம் பெரியப்பா, வலது ஓரம் சித்தப்பா. புரிந்ததா என்று அதில் தெரியாது. படமில்லாமல் வாக்கியமாகக் கேளுங்கள்:

அம்மாவுக்கு ஒரு தம்பி. அவர் மனைவி எனக்கு யார்?
அப்பாவுக்கு ஒரு தம்பி. அவர் மகனுக்கு 9 வயது, எனக்கு 7. அவன் எனக்கு யார்?
அம்மாவின் தங்கைக் கணவர் அப்பாவை விட மூத்தவர். எனக்கு யார்?

முதலாவதற்குத் தடுமாறினால் ஆறாவது ஸ்லைடு நிற்கவில்லை. இரண்டாவதற்குத் ‘தம்பி’ என்று சொன்னால் அளவுகோல் மாறுவது புரியவில்லை. பெற்றோருக்கு எந்த ஸ்லைடுக்குத் திரும்ப வேண்டும் என்று விடை ஸ்லைடிலேயே எண்ணோடு குறித்துவிடுங்கள்.

எழுத்து உடையாமல் இருக்க

Canva-வில் செய்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. Photoshop-இன் சில பதிப்புகளில் எழுத்து அமைப்புகளில் `World-Ready Layout` தேர்வு செய்யப்படாவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் விழும். எந்த மென்பொருளானாலும் முதலில் மூன்று சொற்களைத் தட்டிப் பாருங்கள்: பெரியம்மா, அத்தை, கொள்ளுப் பாட்டி. இந்த மூன்றும் சரியாக வந்தால் மற்றவையும் வரும்.

எழுத்துருவுக்கு `Noto Sans Tamil`, `Mukta Malar` இரண்டும் தெளிவானவை. குழந்தைத்தனமான உருட்டு வேண்டுமென்றால் `Baloo Thambi 2`. மிகத் தடித்த வகையைத் தவிருங்கள், அண்ணன், கண்ணு போன்ற சொற்களில் ணகரத்தின் சுழிகள் அடைபட்டுவிடும். எழுத்திடைவெளியைப் பூஜ்யத்தில் விடுங்கள். கூட்டினால் கால்களும் கொம்புகளும் தனியே நிற்கும். வரியிடைவெளி 1.4-க்குக் குறைந்தால் மேல்வரியின் ‘ரு’, கீழ்வரியின் ‘தி’ இரண்டும் முட்டிக்கொள்ளும்.

தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ரோமன் எழுத்தில் எழுதச் சொல்லிப் பலர் கேட்பார்கள். `athai` என்று எழுதினால் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து வேறொரு ஒலியைச் சொல்லும். அதைவிடக் கேரசலில் படங்களுக்கு நடுவே காணொளியும் சேர்க்கலாம் என்பதைப் பயன்படுத்துங்கள். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது ஸ்லைடுகளைக் காணொளியாக்கி, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை நிதானமாகச் சொல்லிப் பதியுங்கள். முடிந்தால் ஊரில் இருக்கும் பாட்டியின் குரலிலேயே.

படத்துக்குக் கீழே எழுதும் விளக்கத்துக்கு 2,200 எழுத்துக்குறி வரம்பு உண்டு. தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியே கணக்காகும். ‘பெரியப்பா’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, அங்கே ஒன்பது. ஆகவே நினைத்ததைவிடச் சீக்கிரம் இடம் தீரும்.

நான்காவது, ஐந்தாவது ஸ்லைடுகளின் வெட்டாத படத்தைத் தனியாகச் சேமித்து வையுங்கள். 2160 பிக்சல் அகலம் ஏ4 தாளில் கிடைமட்டமாக அச்சிடத் தாராளமாகப் போதும். அச்சுப் பதிப்பில் சொற்களை எடுத்துவிட்டுப் பெட்டிகளையும் நிறங்களையும் மட்டும் விடுங்கள். சித்தப்பா இல்லாத வீடும் நான்கு மாமா உள்ள வீடும் உண்டு என்பதால் இரண்டு பக்கமும் உதிரிப் பெட்டிகள் இரண்டிரண்டு வரைந்து வையுங்கள். வேண்டாததைப் பிள்ளை அடித்துவிடட்டும், வேண்டியதில் பெயரை எழுதட்டும்.